காலாவதித் தேதி போட்ட பிறகும் திறக்கும் இணைப்புகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: திருமண வீடியோக்கள் எடுத்துத் தருகிறேன். 40 ஜிபி கோப்புறை ஒன்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி, மணமகள் வீட்டாரின் மின்னஞ்சலைச் சேர்த்து, பார்வை மட்டும் என்று அமைத்து, 15 நாளில் முடியும்படி காலாவதித் தேதியும் போட்டேன். ஒரு மாதம் கழித்தும் அவர்களது உறவினர் ஒருவர் அதே இணைப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேதி ஏன் வேலை செய்யவில்லை? (ஜெயநகர், பெங்களூரு)

பதில்: தேதி சரியாகவே வேலை செய்திருக்கிறது, நீங்கள் அதை எதன்மேல் போட்டீர்கள் என்பதுதான் பிரச்சினை. கூகுள் டிரைவில் காலாவதி என்பது இணைப்புக்கு உரியதன்று, குறிப்பிட்ட ஒரு நபரின் மின்னஞ்சலுக்கு உரியது. மணமகள் வீட்டாரின் பெயருக்கு எதிரே தேதி போட்ட நீங்கள், அதே பெட்டியின் கீழ்ப்பகுதியில் `General access` என்ற இடத்தில் `Anyone with the link` என்பதை அப்படியே விட்டிருப்பீர்கள். பதினைந்தாம் நாள் அந்த மின்னஞ்சலின் பெயரிலான அனுமதி நீங்கிவிட்டது. ஆனால் இணைப்பை வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற பொது அனுமதி நீங்கவில்லை. ஆகவே உறவினர் மட்டுமல்ல, மணமகள் வீட்டாரே கூட இன்றும் அதைத் திறக்கலாம். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

செய்ய வேண்டிய முறை இது. `General access` என்பதை முதலில் `Restricted` ஆக்குங்கள். பிறகு பெறுபவரின் மின்னஞ்சலைச் சேர்த்து `Viewer` என்று கொடுத்துப் பகிருங்கள். மறுபடி அதே பெட்டியைத் திறந்து, அவர் பெயருக்கு எதிரேயுள்ள அம்புக்குறியில் `Add expiration` என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேதியை இடுங்கள். அதிகபட்சம் ஓராண்டு வரை இடலாம். அதன்பின் அந்தக் கோப்புறைக்கு மேலே இருக்கும் தாய்க் கோப்புறையையும் பாருங்கள். அது எல்லாருக்கும் திறந்திருந்தால் உள்ளே இருப்பவையும் அந்த அனுமதியைப் பெற்றுக்கொள்ளும். கடைசியாக இணைப்பை நகலெடுத்து, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். கணக்கில் நுழையச் சொன்னால் மூடியிருக்கிறது. வீடியோ தெரிந்தால் திறந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், இதைச் செய்யாமல் இணைப்பை அனுப்பாதீர்கள் என்று நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

இதில் எனக்குத் தனிப்பட்ட ஆதங்கம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் வாடகை வீடு தேடியபோது, இடைத்தரகர் ஒருவருக்கு அடையாள அட்டைகளும் சம்பளச் சீட்டும் அடங்கிய கோப்புறையின் இணைப்பை அனுப்பினேன். வீடு கிடைத்தது, கோப்புறையை மறந்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்துத் தற்செயலாக அந்தப் பழைய செய்தியை அழுத்தியபோது, கணக்கில் நுழையாமலேயே எல்லாம் திறந்தது. அந்த இணைப்பு அதற்குள் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும் என்று அறிய வழியே இல்லை, ஏனெனில் பொது இணைப்பில் வந்து பார்ப்பவரின் பெயரை டிரைவ் உங்களிடம் சொல்லாது. அன்றிலிருந்து அடையாள ஆவணம் எதையும் பொது இணைப்பில் நான் அனுப்புவதில்லை; நீங்களும் அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் பலர் அறியார். பொது அனுமதியை இன்று மூடிவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறொருவருக்காக மீண்டும் திறந்தால், புதிய இணைப்பு உருவாவதில்லை. பழைய இணைப்பே உயிர்பெறும், ஏனெனில் அந்த முகவரி கோப்பின் அடையாள எண்ணைக் கொண்டு அமைந்தது. பழையவரிடம் இருக்கும் செய்தியும் அன்றே மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். அப்படி ஆகக்கூடாதென்றால் கோப்பைப் பிரதியெடுத்து, பிரதியைப் பகிர்ந்து, மூலத்தை மூடியே வையுங்கள். ஒன்டிரைவ் இதில் வேறு விதம்: அங்கே இணைப்பே தனிப் பொருள், தேதியும் அதன்மேலேயே அமைகிறது, நீக்கினால் அந்த முகவரி அத்தோடு முடிந்தது.

கேள்வி: என் ஜிமெயில் கணக்கில் காலாவதி என்ற வாய்ப்பே காணப்படவில்லையே? (கே.ஆர்.புரம், பெங்களூரு)

பதில்: இலவசத் தனிநபர் கணக்கில் அது கிடையாது, தகுதியுள்ள அலுவலக, கல்விநிறுவனக் கணக்குகளில்தான் உண்டு. ஒன்டிரைவிலும் தனிநபருக்குச் சந்தா வேண்டும், டிராப்பாக்ஸிலும் கட்டணத் திட்டம் வேண்டும். உங்களுக்கு இருக்கும் வழி, அனுப்பும் அன்றே கைப்பேசி நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்து, அந்த நாளில் நீங்களே அனுமதியை நீக்குவதுதான்.

கேள்வி: வாடிக்கையாளருக்கு 6 ஜிபி அளவுள்ள ஜிப் கோப்பைப் பார்வை மட்டும், பதிவிறக்கத் தடை என்று அமைத்து அனுப்பினேன். திறக்க முடியவில்லை என்கிறார். (கோரமங்களா, பெங்களூரு)

பதில்: திறக்க முடியாதுதான். பார்வை மட்டும் என்பது, உலாவிக்குள் முன்னோட்டமாகக் காட்டக்கூடிய கோப்புகளுக்கே பொருந்தும். இவ்வளவு பெரிய ஜிப்பை இறக்கிப் பிரித்தால்தான் உள்ளே இருப்பவை பயன்படும், நீங்களோ இறக்குவதைத் தடுத்துவிட்டீர்கள். படங்களையும் பிடிஎஃப்களையும் பிரித்துக் கோப்புறையாக ஏற்றி, அதைப் பகிருங்கள். வீடியோவாக இருந்தால் ஏற்றிய உடனே அனுப்பாதீர்கள். டிரைவ் அதைச் செயலாக்கி முடிக்கும் வரை பார்ப்பவருக்கு ஓடாமலோ மங்கலாகவோ இருக்கும், நீளமான வீடியோவுக்குச் சில மணி நேரம் கூட ஆகலாம். பதிவிறக்கத் தடை திரையைப் படம் பிடிப்பதைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். எதிரில் இன்னொரு கைப்பேசியை நீட்டினால் போதும்.

கேள்வி: லிங்க் வேலை செய்யவில்லை. உடனே தீர்வு சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: எந்தச் சேவை, திரையில் என்ன செய்தி வந்தது, யாருடைய சாதனத்தில் என்பவற்றில் ஒன்றையும் எழுதாமல் உடனே தீர்வு கேட்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: நீங்கள் பகிர்ந்தது ஒரு மின்னஞ்சலுக்கு, பெறுபவர் தன் கைப்பேசியில் திறந்திருப்பது வேறொரு கணக்கு. அனுமதி கேட்கச் சொல்லும் திரை வருகிறதென்றால் அவரைக் கணக்கை மாற்றச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் பலர் பார்த்துவிட்டார்கள் என்ற பொருளில் செய்தி வருகிறதென்றால், கூகுள் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறது. சுமார் ஒரு நாள் காத்திருங்கள். வேறு செய்தியென்றால் அதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: தவறான கோப்பைப் பகிர்ந்துவிட்டேன். டிரைவில் நீக்கிவிட்டேன், ஆனால் பெற்றவர் இன்னும் பார்க்க முடிகிறது என்கிறார். (ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு)

பதில்: நீக்கிய கோப்பு 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதுவரை பகிரப்பட்டவர்களுக்குத் திறக்கும். குப்பைத்தொட்டிக்குள் சென்று நிரந்தரமாக நீக்குங்கள். இனிமேல் முதலில் அனுமதியை எடுங்கள், பிறகு நீக்குங்கள். அவர் ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்டிருந்தால் உங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

கேள்வி: வீடியோவைத் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டும். 80 பேருக்கு இணைப்பு போய்விட்டது, எல்லாருக்கும் மீண்டும் அனுப்ப வேண்டுமா? (சிவாஜி நகர், பெங்களூரு)

பதில்: தேவையில்லை. கோப்பின்மேல் வலப்பக்கச் சொடுக்கில் `File information` என்பதன் கீழ் வரும் `Manage versions` வழியாகப் புதிய பதிப்பை ஏற்றினால், இணைப்பும் அனுமதிகளும் காலாவதித் தேதிகளும் அப்படியே இருக்கும். புதிய கோப்பாக ஏற்றினால்தான் எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேரிடும்.