ஒரு மார்க் கேள்வியும் மூன்று தப்பு விடைகளும்

நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு மார்க் கேள்விகளை எழுதுவது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பாடத்தைப் பற்றியவை. பத்தாம் வகுப்பு வரலாற்றில் வரும் பாளையக்காரர் கிளர்ச்சிப் பாடம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரெல்லாம் பழக்கமானவைதான். ஆனால் யாருக்கு எந்த ஊர் என்பதில்தான் குழப்பம்.

பாடத்தைப் படித்ததும் கேள்வியும் சரியான விடையும் எளிதாக வந்துவிடுகின்றன. தப்பு விடை மூன்றுக்குத்தான் திண்டாட்டம். அக்பர், அசோகர் என்று போட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என்ன செய்வது? (டியூஷன் ஆசிரியை, மேலூர்)

அக்பரைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை பாடத்தைத் திறந்தே பார்த்திருக்க வேண்டியதில்லை. அதுதான் சிக்கல். நான் கடைப்பிடிக்கிற விதி ஒன்றே ஒன்று. நீங்கள் போடும் ஒவ்வொரு தப்பு விடையும் அதே பாடத்தில் வேறொரு கேள்விக்குச் சரியான விடையாக இருக்க வேண்டும்.

அதற்குக் கேள்வி எழுதுவதற்கு முன்னால் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ரூல் போட்ட நோட்டில் நான்கு பத்தி போதும்: ஆள், இடம், ஆண்டு, என்ன நடந்தது. கட்டபொம்மன், கயத்தாறு, 1799, தூக்கு. மருது சகோதரர்கள், திருப்பத்தூர், 1801, தூக்கு. ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி, 1801, தூக்கு. கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணியனார், நாகலாபுரம், 1799, மரண தண்டனை. இப்படியே போகட்டும்.

இப்போது ‘கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் எது?’ என்று கேளுங்கள். இடம் என்ற பத்தியில் மேலும் கீழும் பார்த்தாலே தப்பு விடைகள் தயாராக இருக்கும்: திருப்பத்தூர், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம். அரைகுறையாகப் படித்தவனுக்கு நான்குமே காதில் விழுந்த பெயர்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. எந்தத் தப்பைத் தேர்ந்தான் என்பதை வைத்தே அவன் எங்கே சறுக்கினான் என்று கண்டுபிடித்துவிடலாம். திருப்பத்தூரைத் தொட்டவன் மருதுவையும் கட்டபொம்மனையும் கலந்துவிட்டான். பாஞ்சாலங்குறிச்சியைத் தொட்டவன் ‘அவர் ஊர்தானே, அங்கேதான் இருக்கும்’ என்று ஊகித்திருக்கிறான். முதலாமவனுக்கு இரண்டு கதையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டாமவனுக்கு, அவர் கோட்டையை விட்டு வெளியேறியதையும் புதுக்கோட்டைப் பக்கம் பிடிபட்டதையும் சொன்னால் போதும். அக்பரைப் போட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்குமா?

(திருப்பத்தூர் என்று எழுதும்போது ஒரு எச்சரிக்கை. வடக்கே அதே பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது. பாடத்தில் வருவது சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர். வகுப்பில் விடை சொல்லும்போது அதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.)

‘பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய ஆங்கிலேயத் தளபதி யார்?’ என்று கேட்டேன். விடை பானர்மேன். ஒரு மாணவி மெக்காலே என்று போட்டுவிட்டு, அதுவும் சரி என்று வாதாடுகிறாள். மார்க் போடலாமா? (ஆசிரியர், திருமங்கலம்)

போடுங்கள், அவள் சொல்வது சரி. 1799இல் தாக்கியவர் பானர்மேன். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பி வந்து 1801இல் கோட்டையை மறுபடி கட்டியபோது, அதைத் தாக்கியவர்களில் மெக்காலேயும் ஒருவர்.

மெக்காலேயைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனைதான். கோளாறு கேள்வியில் இருக்கிறது. தப்பு விடை சரிக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கேள்வி இருக்க வேண்டும். ‘1799இல்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் மெக்காலே அருமையான தப்பு விடையாகியிருப்பார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தப்பு விடைக்கும் வக்கீலாக நின்று வாதாடிப் பாருங்கள். வாதம் எடுபட்டால் கேள்வியைத் திருத்துங்கள்.

நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாளைக் கேட்டு, அக்டோபர் 16, 17 இரண்டையும் ஆப்ஷனில் போட்டேன். மறுநாள் ஒரு பையன் வேறொரு புத்தகத்தோடு வந்து நின்றான். இரண்டு தேதியுமே நூல்களில் இருக்கின்றன. அன்றிலிருந்து அந்தக் கேள்வியில் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆண்டு கேட்கும் கேள்விக்கு 1804, 1805, 1806, 1807 என்று வரிசையாகப் போடலாமா? (பி.எட். மாணவர், ஒத்தக்கடை)

வேலூர்ப் புரட்சியைத்தானே சொல்கிறீர்கள்? வேண்டாம். 1804இல் என்ன நடந்தது என்று பாடத்தில் ஒன்றுமே இல்லை. அது வெறும் எண் ஞாபகம். 1799, 1801, 1806, 1857 என்று போடுங்கள். சிப்பாய்கள் எழுந்தார்கள் என்றதும் 1857க்கு ஓடுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். ஆண்டுகளை ஏறுவரிசையில் எழுதினால் போதும், கலைத்துப் போட வேண்டியதில்லை.

பாடமே படிக்காத என் மகன் ‘கோடிட்ட இட’ ஆப்ஷன் கேள்விகளில் பாதியைச் சரியாகப் போட்டுவிடுகிறான். எப்படி? (ஒரு தாய், உசிலம்பட்டி)

அவனுக்கு வரலாறு வராவிட்டாலும் தமிழ் வருகிறது. நீங்கள் அனுப்பிய தாளில் இது இருக்கிறது: ‘வேலு நாச்சியாருக்கு ______யின் படை உதவியது.’ ஆப்ஷன்கள் ஆற்காட்டு நவாப், தஞ்சை மன்னர், ஹைதர் அலி, தொண்டைமான். நவாபின், மன்னரின், தொண்டைமானின். ‘யின்’ ஒட்டுவது அலிக்கு மட்டும்தான்! ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பான், கெட்டிக்காரன்.

வேற்றுமை உருபு கோடிட்ட இடத்தை ஒட்டி வராதபடி கேள்வியை மாற்றினால் தீர்ந்தது. ‘வேலு நாச்சியாருக்குப் படை அனுப்பி உதவிய மைசூர் ஆட்சியாளர் யார்?’ என்று எழுதினால்? அதுவும் ஆகாது. மைசூர் என்றதும் ஹைதர் அலி மட்டும்தான் மிஞ்சுவார், வேண்டுமானால் திப்புவைப் பக்கத்தில் நிறுத்தலாம். ‘சிவகங்கையை மீட்க வேலு நாச்சியாருக்குப் படை அனுப்பியவர் யார்?’ என்பது போதும். ஆனால் அதில் விருப்பாச்சி கோபால நாயக்கரைத் தப்பு விடையாகச் சேர்க்காதீர்கள். அடைக்கலம் கொடுத்தவர், உதவியவர். மேலே திருமங்கலத்துக்காரருக்கு வந்த வழக்கு உங்களுக்கும் வரும்.

‘தூக்கிலிடப்பட்ட சகோதரர்கள் யார்?’ என்று கேட்டு ஒரே ஒரு ஆப்ஷனில் ‘மருது சகோதரர்கள்’ என்று எழுதுவதும் இதே கதைதான்.

‘மேற்கண்ட அனைத்தும்’ போடலாமா? (சோழவந்தான்)

நான் போடுவதில்லை. இரண்டு ஆப்ஷன் சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் அதைத் தொட்டுவிடலாம். பெரும்பாலும் நான்காவது ஆப்ஷன் கிடைக்காத அன்றுதான் அது தாளுக்குள் வருகிறது.

நான் எழுதிய தப்பு விடைகள் வேலை செய்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஆசிரியர், மதுரை)

தேர்வு முடிந்ததும் கை தூக்கச் சொல்லாதீர்கள், தாளைப் பார்த்து எண்ணுங்கள். 40 பேர் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். கயத்தாறு 22, திருப்பத்தூர் 11, பாஞ்சாலங்குறிச்சி 6, நாகலாபுரம் 1. நூற்றுக்கு ஐந்து பேராவது தொடாத தப்பு விடை இருந்தும் இல்லாததுதான் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. 40க்கு இரண்டு பேர். நாகலாபுரம் தேறவில்லை. அடுத்த முறை அந்த இடத்தில் பாளையங்கோட்டையைப் போட்டுப் பாருங்கள். ஊமைத்துரை அடைபட்டிருந்த ஊர், அதனால் இழுக்கும்.

அப்புறம், நன்றாகப் படிக்கிற முதல் பத்துப் பேரின் தாளையும் கடைசிப் பத்துப் பேரின் தாளையும் தனியே வைத்துப் பாருங்கள். ஒரு தப்பு விடையை முதல் பத்துப் பேர்தான் அதிகம் தொட்டிருந்தால் பிள்ளைகளைத் திட்டாமல் உங்கள் விடைக்குறிப்பைத் திரும்பப் பாருங்கள். அந்த ‘மெக்காலே’ பெண் போல யாராவது உள்ளே இருப்பார்கள். நல்ல மூன்றாவது தப்பு கிடைக்கவே இல்லையா? உங்கள் சொந்தப் பயிற்சித் தாள்தானே, மூன்று ஆப்ஷனோடு விட்டுவிடுங்கள்.