ஐந்து வருடமாகியும் கொஞ்சம்தான் சேர்ந்திருக்கிறது. கூட்டு வட்டி எங்கே போயிற்று?

கேள்வி: நாங்கள் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 5 வருடமாக மாதம் 500 ராண்ட் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடுகிறேன். போட்டது 30,000, இருப்பு 38,700. வட்டிக்கு வட்டி என்கிறார்களே, இவ்வளவுதானா? வீட்டுக் கூரை ஒழுகுகிறது, சரிசெய்ய 20,000 வேண்டும். அதிலிருந்து எடுத்துவிடலாமா, இல்லை லோன் வாங்குவதா? 20 வருடம் வைத்திருந்தால் உண்மையில் எவ்வளவு வரும்?

பதில்: உங்கள் கணக்கில் கோளாறு எதுவும் இல்லை. மாதம் 500 போட்டு, செலவெல்லாம் கழித்த பிறகு ஆண்டுக்கு 10 சதவீதம் மாதந்தோறும் சேர்ந்தால், 5 வருடத்தில் வர வேண்டிய தொகை 38,719. ஏறக்குறைய அதேதான் உங்களிடம் இருக்கிறது. பணம் குட்டி போட வேண்டுமென்றால் முதலில் தாய்ப்பணம் வேண்டும். முதல் வருடத்தில் அது மிகச் சிறியதாக இருந்ததால், அந்த ஆண்டு முழுவதும் கிடைத்த வளர்ச்சி 283 ராண்ட் மட்டுமே.

இதே 10 சதவீதம் தொடர்ந்தால் எட்டாவது வருடத்தில் ஒரு திருப்பம் வரும். அந்த ஆண்டில் நீங்கள் போடுவது 6,000, வளர்ச்சி ஏறத்தாழ 6,600. அதாவது உங்கள் கையிலிருந்து போவதைவிடக் கணக்கு தானாகச் சேர்ப்பது அதிகமாகிவிடும். 10 வருட முடிவில் இருப்பு சுமார் 1,02,000, 15 வருட முடிவில் 2,07,000, 20 வருட முடிவில் 3,80,000. நீங்கள் போட்டது மொத்தம் 1,20,000தான். கடைசி ஐந்து வருடத்தில் மட்டும் 1,72,000 கூடுகிறது, அதில் உங்கள் பணம் 30,000. இருபதாவது ஆண்டு ஒன்றிலேயே வளர்ச்சி 35,000-க்கு மேல். கூட்டு வட்டியின் பெரும்பகுதி கடைசியில்தான் இருக்கிறது. ஐந்தாம் வருடத்தில் அதைத் தேடினால் கண்ணில் படாது.

கணினியில் விரிதாள் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்:

```
=FV(10%/12;240;-500)
```

240 என்பது மாதங்கள். கையிலிருந்து போகும் பணம் என்பதால் 500-க்கு முன்னால் கழித்தல் குறி. தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள கணினிகளில் பெரும்பாலும் அரைப்புள்ளி வேண்டும். பிழை காட்டினால் அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டுப் பாருங்கள். 10 சதவீதம் என்பது கணக்குக்கான அனுமானம் மட்டுமே. பங்குச் சந்தையில் இருக்கும் நிதி ஒரு வருடம் இறங்கும், ஒரு வருடம் ஏறும். 20 சதவீதச் சரிவு ஒன்று இரண்டாம் வருட முடிவில் வந்தால் சுமார் 2,600 ராண்ட் போகும். பத்தொன்பதாம் வருட முடிவில் வந்தால் 67,000-க்கு மேல் போகும். அதனால் பணம் தேவைப்படும் தேதிக்கு மூன்று, நான்கு வருடம் முன்பிருந்தே பங்கு நிதியிலிருந்து பகுதி பகுதியாக நிலையான வட்டிப் பக்கம் மாற்றத் தொடங்குங்கள்.

இனி கூரை. இன்று 20,000 எடுத்தால், மீதி 15 வருடத்தில் அது 89,000 ஆகியிருக்கும். முடிவில் 3,80,000-க்குப் பதில் 2,91,000தான் இருக்கும். இதைக் கேட்டதும் பலர் லோன் பக்கம் ஓடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். 20,000-ஐ 22 சதவீத வட்டிக்கு மூன்று வருடக் கடனாக வாங்கினால், சேவைக் கட்டணமும் காப்பீடும் சேர்க்காமலே மாதத் தவணை சுமார் 764 ராண்ட். மொத்தம் 27,500 கட்டுவீர்கள். கணக்கு 10 சதவீதம் ஈட்டும்போது 22 சதவீதத்துக்குக் கடன் வாங்குவது நட்டம்தான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சேமிப்பிலிருந்து 20,000 எடுத்துக் கூரையைச் சரிசெய்யுங்கள். பிறகு அந்த 764-ஐக் கடன்காரருக்குக் கட்டுவதுபோலவே, வழக்கமான 500-உடன் சேர்த்து 36 மாதம் உங்கள் கணக்கிலேயே கட்டுங்கள். கையிலிருந்து போவது அதே தொகைதான். ஆனால் 20 வருட முடிவில் இருப்பு சுமார் 3,96,000, அதாவது லோன் வாங்கிச் சேமிப்பைத் தொடாமல் இருந்திருந்தால் வருவதைவிட 16,000 கூடுதல். இந்தக் கணக்கு உடைவது ஒரே இடத்தில்: தவணை கேட்டு யாரும் கதவைத் தட்டாததால் மூன்றாம் மாதமே நின்றுவிடும். எனவே பணம் எடுக்கும் அதே நாளில் டெபிட் ஆர்டரை 1,264 ராண்டாக மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாது, மாதம் 764 கூடுதலாகத் தாங்காது என்றால் லோன் தவணையும் தாங்காது. அப்போது கூரையில் மிக அவசியமான பகுதிக்கு மட்டும் எடுங்கள்.

வரியில்லாக் கணக்கில் இன்னொரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்த பணத்தைத் திரும்பப் போட்டால் அது புதிய முதலீடாகவே எண்ணப்படும். வாழ்நாள் வரம்பு 5,00,000 ராண்ட். வரம்பை மீறிய தொகைக்கு 40 சதவீத அபராத வரி. உங்கள் அளவுக்கு இந்த வரம்பு தொலைவில் இருக்கிறது. ஆனால் வேறு நிறுவனத்திலும் இதே வகைக் கணக்கு இருந்தால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

செலவையும் பாருங்கள். உங்கள் நிறுவனத்திடம் 'எஃபெக்டிவ் ஆனுவல் காஸ்ட்' தாளைக் கேளுங்கள். நிர்வாகம், ஆலோசகர், முதலீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் போகிறது என்று அதில் இருக்கும். யாராவது கணக்கை மாற்றச் சொன்னால் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். செலவு 2 சதவீதம் கூடி, உங்கள் கைக்கு வருவது தொடக்கத்திலிருந்தே 8 சதவீதமாக இருந்தால் 20 வருட முடிவில் 2,94,500தான். இரண்டு சதவீதம்தானே என்று விட்டது 85,000 ராண்டைத் தின்றுவிடும், ஏனென்றால் வட்டி குட்டி போடுவதுபோலவே செலவும் போடுகிறது.

கடைசியாக விலைவாசி. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 20 வருடம் கழித்து வரும் 3,80,000-க்குக் கணக்குத் தொடங்கிய அன்றைய விலையில் 1,43,000 ராண்ட் சாமான்தான் கிடைக்கும். அதுமட்டுமல்ல, நீங்கள் போடும் 500-இன் மதிப்பும் வருடாவருடம் தேய்கிறது. இதற்குச் செய்யக்கூடியது, தொகையை ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏற்றுவது. முதல் வருடத்திலிருந்தே அப்படி ஏற்றியிருந்தால் இருபதாவது வருடத்தில் மாதம் 1,263 போட்டுக்கொண்டிருப்பீர்கள், இருப்பு சுமார் 5,37,000 ஆகும். தொடங்கிய அன்றைய விலையில் அது 2,02,000. டெபிட் ஆர்டர் படிவத்தில் ஆண்டு உயர்வுக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள்; இருந்தால் கூரைத் தவணை முடியும் மாதத்திலிருந்து 5 என்று நிரப்பச் சொல்லுங்கள்.