மெழுகு பொம்மையாகிவிட்ட கல்யாண போட்டோ

கேள்வி: அப்பா, அம்மாவின் 1979-ஆம் வருடக் கல்யாண போட்டோ, 4×6 இன்ச் கறுப்பு வெள்ளை பிரிண்ட். கிளியர் பண்ணி 12×18-ல் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி ஸ்டூடியோவில் கொடுத்தேன். முகம் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கிறது. தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு வேறு. சரிசெய்யக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். முதலில், கை வைக்காத ஸ்கேன் ஃபைல் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பழைய பிரிண்ட்டை 600 டிபிஐ-யில் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 2400×3600 பிக்சல் கிடைக்கும். 12×18-க்கு அது இன்ச்சுக்கு 200 பிக்சல். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும். போட்டோவை மொபைலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் கோளாறு அங்கேயே தொடங்கியிருக்கும். வாட்ஸ்அப் சுருக்கும்போது விழும் கட்டங்களையும் ஷார்ப்னிங் கூர்மையாக்கிவிடும்.

அந்த வெள்ளைக் கோடு ஷார்ப்னிங்கால் வருவது. கறுப்பு முடியும் பின்னணியின் வெளிறிய திரையும் சந்திக்கும் இடத்தில், கறுப்புப் பக்கத்தை இன்னும் கறுப்பாக்கி, வெளுப்புப் பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கினால்தான் ஓரம் கூர்மையாகத் தெரியும். அளவு மீறினால் அந்த வெளுப்பே தனிக் கோடாகிவிடும். மெழுகுத் தோற்றத்துக்குக் காரணம் வேறு. புள்ளிகளை நீக்கும் மென்பொருளுக்கு ஃபிலிமின் மணிமணியான புள்ளி எது, தோலின் துளை எது என்று தெரியாது, இரண்டையும் துடைத்துவிடும். அதன்மேல் ஷார்ப்னிங் போட்டால் கண்ணிமையும் உதட்டு ஓரமும் மட்டும் வெட்டிவைத்த மாதிரி நிற்கும், கன்னம் வெறுமையாக இருக்கும். துடைத்துப்போன தோல் அந்த ஃபைலில் இருந்து திரும்ப வராது. அதனால்தான் பழைய ஸ்கேனை வற்புறுத்துகிறேன்.

இரண்டு ஃபைலும் கைக்கு வந்தால் வேலை எளிது. ஃபோட்டோஷாப்பிலோ, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலோ பழைய ஸ்கேனை அடியிலும் ஸ்டூடியோ திருத்தியதை மேலேயும் லேயராக வைத்து, அளவைச் சமமாக்குங்கள். மேல் லேயரை Difference மோடில் போட்டால், இரண்டும் சரியாகப் பொருந்தியிருக்கும் பட்சத்தில் படம் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பாகும். பிறகு மோடை Normal-க்கு மாற்றி, ஒபாசிட்டியை 100-லேயே விட்டு, லேயர் மாஸ்க் போட்டு அதை 40 சதவீத வெளிச்சமுள்ள சாம்பலால் நிரப்புங்கள். மேல் லேயர் 40 சதவீதம் மட்டும் தெரியும். முகங்களில் மட்டும் மாஸ்க்கை இன்னும் கறுப்பாக்கி, 15 வரை கொண்டுவரலாம். கீறலும் கறையும் போன இடத்தில் மட்டும் மாஸ்க்கை வெள்ளையாக்கி மேல் லேயரை முழுசாக விட்டுவிடுங்கள். கண், பல், தாலிச் சரடு, ஜரிகை ஆகியவற்றைப் பழைய பிரிண்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். சில மென்பொருள்கள் இல்லாத விவரத்தைத் தாமே ஊகித்து வரைந்துவிடும். அம்மாவின் கண் அம்மாவின் கண்ணாகவே இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் தலையோரத்தில் கோடு மிச்சமிருந்தால் 100 சதவீத ஜூமில் வைத்துப் பாருங்கள். குளோன் ஸ்டாம்ப்பை Darken மோடில் வையுங்கள் (கிம்ப்பில் Darken only), ஒபாசிட்டி 40. கோட்டுக்குச் சற்று வெளியே, சுத்தமான திரையிலிருந்து மாதிரி எடுத்துக் கோட்டின்மேல் தேயுங்கள். மாதிரியைவிட வெளுத்த பிக்சல் மட்டுமே மாறும் என்பதால் கறுப்பு முடி இழை அப்படியே இருக்கும். சாதாரண மோடில் தேய்த்தால் முடியும் சேர்ந்து அழிந்து, தலை கத்தரித்து ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

முகத்தில் இன்னும் வழவழப்பு இருந்தால் புதிய லேயரை 50 சதவீதச் சாம்பலால் நிரப்பி Overlay மோடில் வைத்து, ஒரே நிற நாய்ஸ் 3 முதல் 5 சதவீதம் சேருங்கள். அதை அரை பிக்சல் அளவுக்கு மங்கலாக்கினால் ஃபிலிம் புள்ளிபோல் படியும். அளவைக் கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும்: பழைய ஸ்கேனின் பின்னணித் திரையில் தெரியும் புள்ளிக்கு ஒத்துப்போனால் நிறுத்திவிடுங்கள். இது தோலைத் திருப்பித் தராது. வெறுமையை மட்டும் மறைக்கும்.

ஷார்ப்னிங்கைக் கடைசியில், 12×18 அளவுக்கு மாற்றிய பிறகு, ஒரே ஒரு முறை போடுங்கள். ஃபோட்டோஷாப்பின் Unsharp Mask-ல் Amount 60 முதல் 80, Radius 1 பிக்சல், Threshold 3 என்று ஆரம்பித்துப் பாருங்கள். ரேடியஸ் கூடக்கூட வெள்ளைக் கோடு அகலமாகும். பெரும்பாலும் கெடுவது அங்கேதான்.

வீட்டில் செய்ய முடியாதென்றால் இதையே ஸ்டூடியோவிடம் எழுதிக் கொடுங்கள்: முகத்தில் ஸ்மூத்திங் வேண்டாம், வெள்ளைக் கோடு தெரியக் கூடாது, பழைய ஸ்கேன் ஃபைலும் தர வேண்டும். அவர்கள் செய்த வேலையின் குறையைத் திருத்த மறுபடி கட்டணம் கேட்பது நியாயமில்லை. பில்லையும் இரண்டு ஃபைல்களையும் பத்திரமாக வைத்திருங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பெரிய பிரிண்ட்டுக்குச் சம்மதிக்கும் முன், முகங்கள் இருக்கும் பகுதியை மட்டும் 12×18-ல் வரவிருக்கும் அதே அளவில் வெட்டி, ஒரு 4×6 பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதைச் சுவரில் ஒட்டி நாலடி தள்ளி நின்று பார்த்தபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.