விடியற்காலை மண்டப டெக்கரேஷனுக்கு வேனில் பொருள் ஏற்றும் லிஸ்ட்

கேள்வி: காலை 6 மணி முகூர்த்தம், ராத்திரி 1 மணிக்கு மேல்தான் மேடை கைக்கு வரும். எவ்வளவு பார்த்து ஏற்றினாலும் ஏதாவது ஒன்று குடோனிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் வேனுக்கு என்ன லிஸ்ட் வைத்திருக்கிறீர்கள்?

மதுரையில் மேடை அலங்காரம் செய்கிறேன், வண்டி குட்டியானை. முதலில் ஒன்று: லிஸ்ட்டில் "துணி, லைட், பூ, பைப்" என்று பொருள்வாரியாக எழுதாதீர்கள், வேலைவாரியாக எழுதுங்கள். பெரிய சாமானை யாரும் மறப்பதில்லை, இரண்டு பெரிய சாமானைச் சேர்க்கிற சின்னதுதான் நின்றுபோகும். பைப் வந்திருக்கும், அதை முடுக்குகிற போல்ட் வந்திருக்காது.

உதாரணத்துக்கு 20 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஒரு பேக்டிராப் என்று வையுங்கள். என் லிஸ்ட்டில் அது ஒரே தலைப்பு. அதன் கீழே அடித்தட்டு 4, நிற்கும் பைப் 4, அதை முடுக்கும் போல்ட் 4, இழுத்து நீட்டுகிற மேல் பைப் 3. துணி மடிப்பு விழுந்து நிற்க வேண்டுமென்றால் அகலத்துக்கு இரண்டு மடங்கு வேண்டும், அதாவது 40 அடி, 5 அடித் துணியாக 8. அடித்தட்டின் மேல் வைக்கிற மணல் மூட்டை, கிளிப், குண்டூசி, நீராவி அயர்ன் எல்லாம் இதே தலைப்பில்தான். போல்ட்டையும் ஸ்பேனரையும் ஒரு பையில் போட்டு அந்தப் பைப் கட்டிலேயே கட்டிவிடுங்கள், பைப் போனால் அதுவும் போகும். இதே மாதிரி லைட்டுக்கு ஒரு தலைப்பு, நுழைவாயிலுக்கு ஒன்று, மணவறைக்கு ஒன்று. லைட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எல்லாரும் எழுதுவார்கள், ஆனால் மேடைப் பக்கம் 15 ஆம்பியர் சாக்கெட் மட்டும் இருக்கிற மண்டபங்கள் உண்டு, அதற்கான பிளக்கையும் டெஸ்டரையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏற்றும் வரிசை வேலை வரிசைக்குத் தலைகீழ். மண்டபத்தில் முதலில் வேண்டியது ஏணியும் பைப்பும், அதனால் அவை கடைசியில் ஏறி வாசல் பக்கம் இருக்க வேண்டும். நுழைவாயில் சாமான் கடைசி வேலை, அது உள்ளே கேபினை ஒட்டி. இதை மாற்றி ஏற்றினால் ராத்திரி 1 மணிக்கு மண்டப வாசலில் பாதி வண்டியை இறக்கி வைத்துவிட்டு பைப்பைத் தேட வேண்டியதுதான். குட்டியானையின் தொட்டி நீளம் சுமார் 7 அடி என்பதால் 10 அடிப் பைப் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ராத்திரி ஓட்டத்துக்கு அது ஆபத்து. இரண்டாகப் பிரிகிற பைப் வாங்கிவிடுவது நல்லது.

பூவை மட்டும் முதல் நாள் ஏற்றாதீர்கள். மற்றதெல்லாம் சாயங்காலமே ஏற்றிப் பூட்டிவிடலாம், பூ கிளம்பும்போதுதான். செண்டுமல்லியைச் சாக்கில் அமுக்கினால் நடுவில் சூடேறி அழுகும், காற்றுப் போகிற பிளாஸ்டிக் கிரேட்டில் போடுங்கள், கையை உள்ளே விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரியும், தெரிந்தால் உடனே கொட்டிப் பரப்பிவிட வேண்டும். ஜெர்பராவை வாளியில் கால்வாசித் தண்ணீரோடு நிறுத்தி வாளியைக் கயிற்றால் கட்டுங்கள். கார்னேஷன் பக்கத்தில் பழுத்த வாழைத்தாரை வைக்காதீர்கள், பழத்திலிருந்து வருகிற எத்திலீன் வாயுவில் அந்தப் பூ சுருங்கிவிடும்.

பூ குத்துகிற பச்சை ஃபோமை வீட்டிலேயே நனைத்து எடுத்துப் போவதா என்று பலர் கேட்பார்கள். ஒரு கட்டி கிட்டத்தட்ட 2 லிட்டர் தண்ணீர் குடிக்கும், 20 கட்டி என்றால் 40 கிலோ கூடுதல், வழியெல்லாம் சொட்டித் துணியையும் நனைக்கும். காய்ந்ததாகவே கொண்டுபோய் மண்டபத்தில் நனையுங்கள், அதற்கு ஒரு பெரிய டப்பை லிஸ்ட்டில் எழுதுங்கள். தண்ணீரில் போட்டுவிட்டுத் தானாக மூழ்க விடுங்கள், கையால் அமுக்கினால் உள்ளே காற்று தங்கி நடுவில் காய்ந்தே இருக்கும். வெளியே பார்த்தால் ஈரம்தான், முகூர்த்த நேரத்தில் ரோஜா தலை தொங்கும்போதுதான் தெரியும்.

அப்புறம் கைப்பெட்டி. கட்டுக்கம்பி, கட்டிங் பிளையர், கத்தரி, கேபிள் டை, ஊசி நூல், டேப், சணல், தலையில் மாட்டுகிற டார்ச். இது பின்னால் ஏறக் கூடாது, டிரைவர் பக்கத்து ஆளின் மடியில்தான்.

டிக் அடிப்பவர் சாமான் தூக்கக் கூடாது. "எல்லாம் ஏத்தியாச்சுண்ணே" என்று பையன் சொல்வதை வைத்து டிக் போடாதீர்கள், அவன் எண்ணி உரக்கச் சொல்ல, வண்டிக்குள் ஏறியதைப் பார்த்தபிறகு போடுங்கள். லிஸ்ட்டில் மூன்று கட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்றியது, மண்டபத்தில் இறக்கியது, திரும்ப ஏற்றியது. மூன்றாவதுதான் முக்கியம். சாப்பாடு முடிந்து அவசரமாகப் பிரிக்கும்போது மேடைக்குக் கீழே உருண்ட போல்ட்டும், மண்டபத்துக்காரர் சாக்கெட்டிலேயே நிற்கிற பிளக்கும் விட்டுப்போகும். அடுத்த கல்யாணத்தில் "குடோனில்தானே இருந்தது" என்று தேடுகிற பாதிச் சாமான் உண்மையில் போன மண்டபத்திலேயே நின்றதுதான்.