ஆறு பேருக்கு எழுதிய கடிதம்

கேள்வி: ஐயா, முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறிய குளத்தின் கமக்காரர் அமைப்புக்கு நான் செயலாளர். குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் துருசின் கதவு துருப்பிடித்து, மூடினாலும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. ஜூலை நடுப்பகுதியில் ஆறு அலுவலகங்களுக்கு ஒரே மின்னஞ்சலாக எழுதினேன். ஒருவர் மட்டும் "கிடைக்கப்பெற்றது" என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு ஒரு அசைவும் இல்லை. எழுதியதை இத்துடன் அனுப்புகிறேன். எங்கே பிழைத்தது?

பதில்: பிள்ளை, உங்கள் மின்னஞ்சலில் எழுத்துப்பிழை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. குளம் எப்போது கட்டப்பட்டது, எத்தனை குடும்பங்கள் அதை நம்பியிருக்கின்றன என்பதெல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது கடைசிப் பந்தியின் கடைசி வரியில்தான் இருக்கிறது: "உரிய அதிகாரிகள் விரைவில் தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்." நான் பல வருடங்கள் எழுதுவினைஞராக இருந்தவன். இந்த வரியோடு வருகிற கடிதங்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் ஏறும், கோப்பில் குத்தப்படும், அங்கேயே இருக்கும். அதை வாசிப்பவர் கெட்டவர் அல்ல. தன்னுடைய பெயருக்கு மேலும் கீழும் இன்னும் ஐந்து பேரைப் பார்க்கிறார். உரியவர் அவர்களில் ஒருவராக இருப்பார் என்று நினைக்கிறார். மற்ற ஐவரும் அதையேதான் நினைக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை, அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பது. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் குளங்கள் சிறு குளங்கள் என்ற வகையில் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனப் பக்கம். நீங்கள் சொல்கிற வயல் பரப்பைப் பார்த்தால் உங்கள் குளம் முதல் வகை. அப்படியென்றால் நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் முதல் வரிசையில் எழுதியதில் பயனில்லை. கமநல சேவைகள் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, "துருசைப் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிப்பது யார், அவரை அனுப்புவது யார்?" என்று கேளுங்கள். அனுப்புகிறவரின் முகவரி மட்டும் To என்ற இடத்தில் இருக்கட்டும். மற்றவர்கள் Cc இல் போகலாம். அவர்களுக்கென்று கடைசியில் ஒரு வரி: "பிரதி பெறும் ஏனையோருக்கு இது தகவலுக்காக மட்டுமே." அந்த வரி இல்லாவிட்டால் அவர்களும் குழம்புவார்கள், அவர்களைப் பார்த்து உரியவரும் தளர்ந்துவிடுவார்.

அடுத்தது, அவரிடம் எதைக் கேட்பது. "துருசைத் திருத்தித் தாருங்கள்" என்று ஓர் அதிகாரியிடம் கேட்டால் அவர் அந்தக் கதிரையில் இருந்தபடி அதைச் செய்ய முடியாது. பார்வையிட வேண்டும், மதிப்பீடு வேண்டும், நிதி வேண்டும், ஒப்பந்தம் வேண்டும். தன்னால் முடிக்க முடியாததைக் கேட்கிற கடிதத்தை எவரும் ஒத்திப்போடுவார். அவர் தன் கையெழுத்தால் மட்டுமே செய்யக்கூடிய முதல் படியைக் கேளுங்கள்: தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி, துருசைப் பார்த்து, மதிப்பீடு தயாரிக்கச் செய்வது. அவர் வந்தாரா, வரவில்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். உங்கள் கடிதத்தில் வாய்க்கால் துப்புரவும் யானை வேலியும் சேர்ந்திருக்கின்றன. அவை வேறு ஆட்களின் வேலை; வேறு மின்னஞ்சலில் போகட்டும்.

திகதியைத்தான் எல்லோரும் மழுப்புகிறார்கள், "கட்டளை போடுகிறாள்" என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில். திகதிக்குப் பக்கத்தில் காரணம் நின்றால் அது கட்டளையாகத் தெரியாது. காரணம் உங்கள் குளத்திலேயே கிடக்கிறது. மாரிமழை ஒக்டோபரில் தொடங்கும். நீர் ஏறினால் துருசின் அடிப்பகுதி மூழ்கிவிடும், பிறகு அடுத்த கோடைவரை யாரும் அதைத் தொட முடியாது. புதிய கொங்கிறீற்றைக் குறைந்தது 7 நாட்களாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஆகவே வேலை செப்டெம்பர் இறுதிக்குள் முடிய வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தத்துக்கும் கதவு செய்வதற்கும் சில வாரங்கள். இப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் பார்வையிடுவதற்கான நாள் ஓகஸ்ட் 22 வெள்ளிக்கிழமை அளவில் வந்து நிற்கிறது. கிழமையையும் சேர்த்து எழுதுங்கள், நாட்காட்டியில் பூரணை விடுமுறை இருக்கிறதா என்றும் பாருங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் வடக்கு அலுவலகங்களில் எத்தனை கதிரைகள் வெறுமையாக இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது எழுதிப் பார்ப்போம். தலைப்பிலேயே வேலையும் திகதியும் வரட்டும், ஏனென்றால் பலர் அதை மட்டும்தான் பார்க்கிறார்கள்: "ஓகஸ்ட் 22க்கு முன் துருசு பார்வையிடல் வேண்டுகோள்", பின்னால் குளத்தின் பெயரும் கிராம அலுவலர் பிரிவும். உள்ளே:

"மதிப்புக்குரிய ஐயா, எமது குளத்தின் துருசைப் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்க, ஓகஸ்ட் 22 வெள்ளிக்கிழமைக்கு முன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒக்டோபர் மழைக்குப் பின் துருசு நீரில் மூழ்கிவிடுவதால் திருத்த வேலை செப்டெம்பருக்குள் முடிய வேண்டியுள்ளது. கதவின் அடியில் நீர் கசிவதைக் காட்டும் இரண்டு படங்களை இணைத்துள்ளோம். வரும் நாளுக்கு முதல் நாள் தெரிவித்தால், எமது தலைவர் குளக்கட்டில் காத்திருப்பார். துருசைச் சுற்றியுள்ள பற்றையை நாங்கள் 20ஆம் திகதிக்குள் வெட்டி வைப்போம். இந்த நாள் வசதிப்படாவிட்டால், வசதியான நாளை 18ஆம் திகதிக்குள் அறியத்தருவீர்களா?"

கீழே உங்கள் பெயர், பதவி, தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான். குளத்தின் வரலாறு வேண்டுமென்றால் இணைப்பில் போகட்டும். பற்றை வெட்டுகிற வரியைக் கவனித்தீர்களா? உங்கள் பக்கம் யார் எதை எப்போது செய்வார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் அவருக்கு வீண் பயணமாகாது என்று தெரியும். கடைசி வரி அவருக்கு "முடியாது" என்று சொல்லவும் ஒரு வழி விடுகிறது. மௌனத்தைவிட அந்த முடியாது நல்லது, ஏனென்றால் அதோடு வேறொரு நாள் வரும்.

சில அலுவலகங்களில் கையொப்பமும் முத்திரையும் இல்லாமல் கோப்பு திறக்க மாட்டார்கள். அமைப்பின் கடிதத்தாளில் இதே வாசகத்தைத் தட்டச்சு செய்து, ஒப்பமிட்டு, படமெடுத்து இணைத்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன் உங்கள் தம்பியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ ஒருமுறை வாசிக்கக் கொடுத்து, "இதைப் பெறுகிறவர் நாளைக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் மின்னஞ்சலைத் திருத்துங்கள்.

"கிடைக்கப்பெற்றது" என்று மறுபடியும் வந்தால் அதைப் பதிலாக எடுக்க வேண்டாம். 18ஆம் திகதி கடந்த மறுநாள், அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே ஒரு வரி எழுதுங்கள்: "22ஆம் திகதிக்கு முன் வருகை உறுதியா ஐயா?" குறை சொல்லும் தொனி வேண்டாம், ஆறு பேருக்கும் திரும்ப அனுப்பவும் வேண்டாம்.

இன்னொன்று. உத்தியோகத்தர் வந்து, மதிப்பீடும் தயாரான பின், "இந்த வருடம் நிதி ஒதுக்கீடு இல்லை" என்று பதில் வரலாம். மின்னஞ்சலால் பணம் உண்டாகாது. ஆனால் அந்தப் பதிலையும் மதிப்பீட்டின் பிரதியையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் துருசு கசிகிறது என்று மட்டும் சொல்வதற்கும், தொகை எழுதப்பட்ட மதிப்பீட்டை மேசையில் வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அடுத்த கூட்டம் எப்போது என்று பிரதேச செயலகத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள்.