ரஷ்ய ஆய்வுச் சுருக்கம்: பெயராகிப்போன வினைகள்

கேள்வி: ரஷ்யாவில் வேதியியலில் பிஎச்டி செய்கிறேன். என் அவ்தரெஃபெராத்தை, அதாவது ஆய்வேட்டின் சுருக்கத்தைப் படித்த வழிகாட்டி, "இலக்கணம் சரி, ஆனால் மூச்சு முட்டுகிறது" என்கிறார். எதைத் திருத்துவது?

வினைகளைத் திருத்துங்கள். என் முதல் வரைவிலும் இதே பிரச்சினைதான். அதில் ஒரு வாக்கியம்:

"பில ப்ரவெதெனோ இஸ்லேதவானியே விலியானியா இஸ்மெனேனியா தெம்பெரதூரி நா உவெலிசேனியே ரஸ்மேரா சஸ்தீத்ஸ் செரெப்ரா."

அதாவது, வெள்ளித் துகள்களின் அளவு கூடுவதன் மீது வெப்பநிலை மாற்றத்தின் தாக்கத்தின் ஆய்வு நடத்தப்பட்டது. ஆய்வு, தாக்கம், மாற்றம், கூடுதல் என்று நான்கு வினைகள் பெயராகிவிட்டன, மிஞ்சிய ஒரே வினை "நடத்தப்பட்டது", அது எதையும் சொல்வதில்லை. இதைவிடப் பெரிய குறை, நான் என்ன கண்டுபிடித்தேன் என்பதே இதில் இல்லை.

என்னோடு ஆய்வகத்தில் இருந்த ரஷ்யத் தோழி இதை வாசித்துவிட்டு, "சரி, கடைசியில் துகள் பெரிதானதா இல்லையா?" என்று கேட்டாள். ஆனது என்றேன். அப்போ அதையே எழுது என்றாள்.

"பகஸான, ஷ்தோ ஸ் ரோஸ்தம் தெம்பெரதூரி சஸ்தீத்ஸி செரெப்ரா உக்ருப்னியாயுத்ஸ்யா." வெப்பநிலை கூடக்கூட வெள்ளித் துகள்கள் பெரிதாகின்றன என்று காட்டப்பட்டுள்ளது. இதற்குப் பக்கத்தில் எத்தனை டிகிரியில் எத்தனை நானோமீட்டர் என்ற எண்ணையும் வைக்க இடம் கிடைத்துவிட்டது. அறிவியல் துறைகளில் முனைவர் பட்டச் சுருக்கத்துக்கு ஓர் ஆசிரியர் தாள், அதாவது இடைவெளியோடு சேர்த்து 40,000 எழுத்துகள்தான் என்பதால் இந்த இடம் முக்கியம்.

ஆனால் வினையைப் பெயராக்கும் -எனியே, -அனியே விகுதிகளில் முடியும் எல்லாச் சொற்களையும் வெட்டிவிடாதீர்கள், ஆக்சிஜனேற்றம் (அகிஸ்லேனியே), வீழ்படிவாக்கம் (அசஷ்தேனியே) எல்லாம் கலைச்சொற்கள், அவை இருக்கட்டும். போக வேண்டியவை ப்ரவெதேனியே (நடத்துதல்), அசுஷெஸ்த்வ்லேனியே (நிறைவேற்றுதல்) போல வேறொரு வினையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வெற்றுச் சொற்கள்.

அப்புறம், பெயராக்கிய வினையில் செய்பவர் யார் என்பது மறைந்துபோகும். "பக்லஷேனியே நனசஸ்தீத்ஸ்" என்றால் நானோ துகள்கள் ஒளியை உறிஞ்சுகின்றனவா, இல்லை செல்கள் நானோ துகள்களை உள்வாங்குகின்றனவா? இரண்டுமாகப் படிக்கலாம். செய்பவரைக் கருவி வேற்றுமையில் போட்டு, "பக்லஷேனியே ஸ்வேதா நனசஸ்தீத்ஸமி" என்று எழுதினால் ஒளியை உறிஞ்சுவது துகள்தான் என்று தெளிவாகிவிடும்.

நம்மவர்கள் அதிகம் விழுவது இன்னொரு பள்ளத்தில். "இந்த முறையைப் பயன்படுத்தித் துகள்கள் பெறப்பட்டன" என்பது தமிழில் உறுத்துவதில்லை. ரஷ்ய மொழியில் "இஸ்போல்சுயா..." என்று தொடங்கினால், பயன்படுத்தியவரே வாக்கியத்தின் எழுவாயாக இருக்க வேண்டும். துகள் எதையும் பயன்படுத்தாதே! "மேததம்..." (இந்த முறையால்) என்று தொடங்குங்கள், பிழை போய்விடும்.

நான் கடைசியில் செய்தது இதுதான்: முடிவுரைப் பகுதியை மட்டும் முதலில் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆய்வகத்தில் ஒருவருக்குத் தமிழில் வாயால் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொல்லும்போது எது வினையாக வந்ததோ, அதை ரஷ்ய மொழியிலும் வினையாகவே வைத்தேன்.