'அவன்' எண்டு தொடங்கின கதை நடுவில 'நான்' ஆகுது

கேள்வி: யாழ்ப்பாணத்தைக் களமா வைச்சு ஒரு சிறுகதை எழுதினனான். 'அவன்' எண்டு தொடங்கி, இடையில 'நான்' ஆகிப்போகுது. எப்பிடித் திருத்துறது?

பதில்: வழுக்கும் இடம் பெரும்பாலும் பாத்திரம் எழுவாயாக வராத வாக்கியம்தான். இதைப் பாருங்கள்:

"குமரன் நல்லூர்த் தேரடியில் சைக்கிளை நிறுத்தினான். வெயில் சுட்டது. தாகமாக இருந்தது. அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி வீதிப்பக்கம் திரும்பினேன்."

நடுவிலுள்ள மூன்று வாக்கியங்களிலும் குமரனைக் காட்டும் விகுதியே இல்லை. 'தாகமாக இருந்தது' அவனுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். அந்த இடைவெளியில்தான் எழுதுபவர் பாத்திரத்துக்குள் புகுந்துவிடுகிறார். 'திரும்பினான்' என்று மாற்றி, 'தாகமாக' என்பதற்கு முன் 'அவனுக்கு' சேர்த்தால் போதும்.

முழுக்கதையிலும் பிடிக்க, கணினியில் 'தேன்', 'டேன்', 'றேன்', 'னேன்', 'வேன்', 'பேன்' என்று தேடுங்கள். உரையாடலில் வருபவற்றை விட்டுவிடலாம். (பனந்தேனும் அகப்படும், சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள்.) பிறகு 'என்', 'எனக்கு'. படர்க்கையில் 'என் அம்மா' என்பது 'தன் அம்மா' ஆகவேண்டும், சில இடத்தில் வெறும் 'அம்மா' போதும்.

'நான்' என்று முடிவெடுத்தால் வேலை கூடும். விகுதியை மாற்றியபின்னும் "என் முகம் வெளிறியது" என்று நின்றுவிடும். தன் முகத்தைத் தானே எப்படிப் பார்ப்பது? "கை குளிர்ந்தது" என்று எழுதுங்கள். அடுத்த அறையில் அம்மா நினைத்ததும் குமரனுக்குத் தெரியாது, அவள் சட்டியை வைத்த சத்தம்தான் கேட்கும்.